முகங்கள் ஏறிய மலை ரயில்

பிளஸ் டூ முடித்துப் போகும் வகுப்புக்குப் பள்ளி ஆண்டு மலரில் இரண்டு பக்கம் ஒதுக்குவது பழைய வழக்கம். பாஸ்போர்ட் சைஸ் படங்களை வரிசையாக அடுக்கி, கீழே பெயரைப் போட்டுவிடுவார்கள். அடையாள அட்டைக்கு எடுத்த அதே படம், அதே நீலப் பின்னணி, அதே இறுகிய முகம். இப்போது பல பள்ளிகளில் அந்தப் பக்கம் வேறு மாதிரி வருகிறது. ஒரு பெரிய காட்சியை ஓவியமாக வரைந்து, மாணவர்களின் படங்களை அதற்குள் உட்கார வைக்கிறார்கள். ஆலமரத்தின் கிளைதோறும் ஒரு முகம், ராட்டினத்தின் தொட்டில்தோறும் ஒரு முகம், ரயில் ஜன்னல்தோறும் ஒரு முகம்.

பார்க்க அழகான யோசனைதான். ஆனால் அச்சாகி வந்த மலரைக் கையில் வாங்கிய பிறகு முகம் வாடிப்போகிற பிள்ளைகளும் உண்டு. முன்வரிசை நண்பன் முகம் பெரிதாகப் பளிச்சென்று இருக்க, தன் முகம் கடுகு மாதிரி ஒரு மூலையில் கிடக்கும். அல்லது மலரின் நடுமடிப்பில் பாதி முகம் விழுங்கப்பட்டிருக்கும். அல்லது முகம் தன்னுடையது, பெயர் வேறு யாருடையதோ. வாழ்நாள் முழுக்க அலமாரியில் இருக்கப் போகும் புத்தகம் அது. மறுபதிப்பும் கிடையாது.

இந்தக் குறைகளுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். காட்சியை முதலில் வரைந்துவிட்டு, முகங்களை எங்கே ஒட்டுவது என்று பிறகு இடம் தேடுகிறார்கள். செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். எத்தனை முகம், ஒவ்வொன்றும் என்ன அளவு என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்தக் கணக்குக்கு ஏற்ற காட்சியைப் பிறகு வரைய வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று ஒரு வகுப்பை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம். அதற்கு முன் இந்த வேலையின் மூதாதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

1870இல் ஒரு பனிச்சறுக்குத் திருவிழா

ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஸ்டூடியோ நடத்தியவர் வில்லியம் நாட்மன். 1870இல் விக்டோரியா மகாராணியின் மகன் இளவரசர் ஆர்தர் அங்கே இருந்தபோது, விக்டோரியா பனிச்சறுக்கு அரங்கில் மாறுவேடத் திருவிழா ஒன்று நடந்தது. அதைப் படமாக்க நாட்மன் விரும்பினார். அன்றைய கேமராவால் அது முடியாது. ஒரு படம் பதிவாகச் சில நொடிகள் பிடிக்கும் காலம் அது. விளக்கொளியில் சறுக்கி ஓடுகிற கூட்டத்தை எடுத்தால் மங்கலான கறைதான் மிஞ்சும்.

நாட்மன் வேறு வழி கண்டார். கலந்துகொண்டவர்களை அவரவர் வேடத்தோடு ஸ்டூடியோவுக்கு வரவழைத்து, ஒவ்வொருவரையும் தனித்தனியாக நிற்கவைத்து எடுத்தார். அந்தப் படங்களைக் கத்தரியால் உருவத்தின் ஓரத்தோடு வெட்டினார்கள். அரங்கத்தின் கூரை, தோரணங்கள், பனித்தரை எல்லாவற்றையும் ஓவியர்கள் தீட்டி வைத்திருந்தார்கள். வெட்டிய உருவங்களை அதன்மேல் ஒட்டி, முழுவதையும் மறுபடி ஒரே படமாக எடுத்தார்கள். அந்தப் படம் இன்று மான்ட்ரியலில் மெக்கார்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்னாளில் அமெரிக்கக் கல்லூரிகளின் பட்டதாரி மாணவர்களைப் படமெடுக்கும் ஒப்பந்தங்களும் நாட்மனின் நிறுவனத்துக்கு வந்தன.

அவர் சந்தித்த சிக்கல் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. ஒட்டிய உருவம் ஒவ்வொன்றும் அந்த இடத்துக்குப் பொருந்துகிற அளவில் இருக்க வேண்டும். வெளிச்சம் எல்லார்மீதும் ஒரே பக்கத்திலிருந்து விழ வேண்டும். தன் முகத்தைத் தேடி வருகிறவருக்கு முகம் அடையாளம் தெரிய வேண்டும். கத்தரியும் பசையும் போய் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. இந்த மூன்றும் மாறவில்லை.

எந்தக் காட்சி எல்லாருக்கும் சமம்?

38 பேர் படிக்கும் ஒரு பிளஸ் டூ வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஏ4 அளவு மலர். எதிரெதிரான இரண்டு பக்கம் கிடைத்திருக்கிறது. பிள்ளைகளிடம் கேட்டால் கடற்கரை, கிரிக்கெட் மைதானம், ராஜசபை, சினிமா போஸ்டர் என்று வரிசையாகச் சொல்வார்கள். ஒவ்வொன்றையும் இரண்டு கேள்வி போட்டு வடிகட்டலாம்.

முதல் கேள்வி, இந்தக் காட்சியில் தூரம் இருக்கிறதா? கடற்கரை என்றால் அருகில் இருப்பவர் பெரிதாகவும் தொலைவில் இருப்பவர் சிறிதாகவும் தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஓவியம் பொய்யாகத் தெரியும். அப்படி வரைந்தாலோ முன்னால் நிற்கிற ஐந்து பேருக்கு முகம் கிடைக்கும், பின்னால் நிற்கிறவர்கள் வெறும் புள்ளியாவார்கள். முன்னால் யார் என்ற கேள்விக்கு வகுப்பில் நியாயமான விடையே கிடையாது. முதல் மார்க் வாங்கியவரா, மலர்க் குழுவில் இருப்பவரா, டிசைனருக்குத் தெரிந்தவரா?

இரண்டாவது கேள்வி, இந்தக் காட்சியில் உயர்ந்த வேடம், தாழ்ந்த வேடம் இருக்கிறதா? ராஜசபை என்றால் ஒருவர் ராஜா, இன்னொருவர் சாமரம் வீசுகிறவர். வரையும்போது விளையாட்டாக இருக்கும். ஒல்லியாக இருப்பவனைக் குச்சியாகவும் பருமனான பெண்ணை யானைமேலும் வைத்து எல்லாரும் சிரிப்பார்கள். அந்தப் பிள்ளைகளும் கூடச் சேர்ந்து சிரிப்பார்கள், மலரை மட்டும் வீட்டில் காட்டமாட்டார்கள்.

இரண்டு கேள்விக்கும் இல்லை என்று விடை தருகிற காட்சிகள் சில உண்டு. அடுக்குமாடி வீட்டின் ஜன்னல்கள், ராட்டினத் தொட்டில்கள், ரயில் பெட்டிகள் எல்லாம் அந்த வகை. ஒரே அளவான இடங்கள் வரிசையாக வருகின்றன. யாரும் யாருக்கும் பின்னால் இல்லை. நம் வகுப்புக்கு நீலகிரி மலை ரயிலை எடுத்துக்கொள்வோம். அதற்கு இன்னொரு தனி வசதி உண்டு, கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

அளவுக் கணக்கு

ஏ4 பக்கத்தின் அகலம் 210 மில்லிமீட்டர், உயரம் 297. வெளி ஓரத்தில் 15, மடிப்பு ஓரத்தில் 15 விட்டால் அகலத்தில் 180 மிஞ்சும். மேலே தலைப்புக்கும் விளிம்புக்கும் 50, கீழே 17 விட்டால் உயரத்தில் 230 கிடைக்கும். ஒரு பக்கத்துக்கு 20 இடம் வேண்டும். வரிசைக்கு நான்கு வீதம் ஐந்து வரிசை போட்டால், ஆளுக்கு 45 மில்லிமீட்டர் அகலமும் 46 உயரமும் வருகிறது.

ஒவ்வொரு இடத்திலும் ஒரு ரயில் ஜன்னல். ஜன்னலின் உயரம் 30 மில்லிமீட்டர். பெட்டியின் கூரைக்கு 4, ஜன்னலுக்கு அடியில் பெயர்ப் பட்டைக்கு 6, சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் 6. ஜன்னலுக்குள் தலைமுடியின் உச்சியிலிருந்து தாடை வரை முகம் 20 மில்லிமீட்டர். இன்றைய ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு அது. கையில் வைத்துப் படிக்கிற தூரத்தில் கண், சிரிப்பு, மூக்குத்தி எல்லாம் தெளிவாகத் தெரியும். இதைவிடப் பாதியாகக் குறைந்தால் யார் என்று பெயரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நான்கு ஜன்னல் ஒரு பெட்டி. ஆக இரண்டு பக்கத்திலும் சேர்த்துப் பத்துப் பெட்டி, 40 ஜன்னல். மாணவர்கள் 38 பேர்தான். மீதி இரண்டு ஜன்னலைக் கடைசிவரை காலியாக வைத்திருப்பது நல்லது. ஆண்டின் நடுவில் வந்து சேர்ந்த ஒருவரின் பெயர் பட்டியலில் விட்டுப்போயிருக்கும். காய்ச்சலில் கிடந்து படமெடுக்க வராதவர் கடைசி வாரம் வருவார். அப்படி யாரும் வராவிட்டால், ஒன்றில் வகுப்பாசிரியரையும் மற்றதில் ஆய்வக உதவியாளரையும் உட்கார வைக்கலாம்.

இப்போது அந்தத் தனி வசதி. மலரைப் பிரித்தால் இரண்டு பக்கமும் சேருகிற இடம் பள்ளமாக உள்ளே போகும். அங்கே முகம் வந்தால் போச்சு. மேலும் அந்த இரண்டு பக்கங்கள் புத்தகத்தின் நட்டநடுவில் வந்தால்தான் ஒரே தாளில் அச்சாகும். வேறு எங்கே வந்தாலும் இடது பக்கம் ஒரு தாளிலும் வலது பக்கம் இன்னொரு தாளிலும் அச்சாகி, கட்டும்போதுதான் பக்கத்தில் வரும். ஒரு மில்லிமீட்டர் ஏறி இறங்கினாலும் இடப்பக்கத் தண்டவாளம் வலப்பக்கத் தண்டவாளத்தோடு சேராமல் உடைந்து நிற்கும்.

மலை ரயிலில் இதற்கு இயல்பான தீர்வு இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் போகும் அந்த 46 கிலோமீட்டர் பாதையில் 16 குகைகள் உண்டு. ஓவியத்தின் நடுவில், மடிப்பு விழுகிற இடத்தில், மேலிருந்து கீழ்வரை ஒரு பாறைச் சரிவை வரைந்துவிட வேண்டும். ரயில் இடப்பக்கம் குகைக்குள் நுழைந்து வலப்பக்கம் வெளியே வரும். மடிப்பில் பாறை மட்டும்தான் இருக்கும். தாள் கொஞ்சம் விலகினாலும் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தின் ஓரத்திலும் ரயில் ஒரு வளைவில் மறைந்து மேல் வரிசையில் எதிர்த்திசையில் வெளிப்படலாம். ஐந்து வரிசையும் ஒரே ரயிலாகிவிடும்.

காட்சியின் உண்மையையும் கவனிக்க வேண்டும். அந்தப் பெட்டிகள் நீலமும் கிரீமும் கலந்தவை. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல்வைத்த தண்டவாளம் ஓடும், அதைப் பற்றிக்கொண்டுதான் இன்ஜின் ஏறுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை இன்ஜின் ரயிலை முன்னால் இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. ஆகவே நம் ஓவியத்தில் இன்ஜின் இருக்க வேண்டிய இடம் மேல் வரிசையின் முனை அல்ல, கீழ் வரிசையின் கடைசி. தலைப்பையும் தனியாகத் தேட வேண்டாம். மேலே ஒரு நிலையம், அதில் மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்தில் பள்ளியின் பெயரும் ஆண்டும். போதும்.

படம் எடுக்கும் காலை

பக்கம் நன்றாக வருவதும் கெடுவதும் பாதிக்குமேல் இங்கேதான் முடிவாகிறது. ஆளாளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புங்கள் என்று சொல்வதுதான் வழக்கம். வருவது என்ன? ஒருவர் கல்யாண வீட்டில் எடுத்தது, ஒருவர் செல்ஃபி, ஒருவர் வகுப்பு குரூப் போட்டோவிலிருந்து வெட்டியது.

குரூப் போட்டோவிலிருந்து வெட்டியது ஏன் உதவாது என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். நம் முகம் 20 மில்லிமீட்டர், அதற்குச் சுமார் 240 புள்ளி தேவை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தின் நீளப் பக்கத்தில் 1600 புள்ளி இருப்பதாகக் கொள்வோம். வரிசைக்குப் பத்துப் பேர் நிற்கிற குரூப் போட்டோவில் ஒருவரின் முகத்துக்கு 65 புள்ளி கிடைத்தால் அதிகம். அதை நான்கு மடங்கு இழுத்தால் முகம் கரைந்துபோகும். அதே செல்போனில் மார்பளவுக்கு ஒருவரை மட்டும் எடுத்தால் முகத்துக்கு 400 புள்ளி வந்துவிடும். கேமராவின் விலை இங்கே பெரிய விஷயமில்லை. கிட்ட நின்று ஒருவரை மட்டும் எடுத்தோமா என்பதுதான் விஷயம். அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பினால் இருக்கிற தரமும் குறையாது.

ஆகவே ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒருவரே எல்லாரையும் எடுப்பது நல்லது. காலை ஒன்பது மணி வாக்கில் பள்ளி வராந்தா போதும். நேரடி வெயில் விழக் கூடாது. ஆனால் ஒரு பக்கம் திறந்திருந்து வெளிச்சம் வர வேண்டும். உச்சி வெயிலில் எடுத்தால் புருவத்துக்குக் கீழே கண்கள் இருண்டுவிடும். மரநிழலில் எடுத்தால் இலைகளின் இடைவெளியில் விழும் ஒளி முகத்தில் திட்டுத்திட்டாக நிற்கும். அதைப் பிறகு துடைக்கவே முடியாது.

படம் எடுப்பவர் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கட்டும். தரையில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டுக்கொண்டால் எல்லாருக்கும் ஒரே தூரம் அமையும். கை நீட்டுகிற தூரத்தில் எடுத்தால் மூக்கு பெருத்து, காது சிறுத்துத் தெரியும். கேமரா ஒவ்வொருவரின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். குள்ளமானவரை மேலிருந்தும் உயரமானவரைக் கீழிருந்தும் எடுத்துவிட்டால், பக்கத்துப் பக்கத்து ஜன்னலில் ஒருவர் வானத்தையும் ஒருவர் தரையையும் பார்ப்பதுபோல் ஆகிவிடும். ஒரு முக்காலி இருந்தால் எல்லாரையும் உட்கார வைத்தே எடுத்துவிடலாம்.

பின்னணியாக வெள்ளைச் சுவர் வேண்டாம். யூனிஃபார்ம் சட்டை வெள்ளையாக இருந்தால் தோள் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. கறுப்புத் துணியும் வேண்டாம், தலைமுடி அதில் கலந்துவிடும். வெளிர் சாம்பல் நிறப் போர்வை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டால் இரண்டு சிக்கலும் தீரும். செல்போனில் பின்னணியைத் தானாக மங்கலாக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். காதோரம் பறக்கும் முடியையும் தலையில் வைத்த மல்லிகைப் பூவின் ஓரத்தையும் கண்ணாடியின் காம்பையும் பின்னணி என்று நினைத்து அது மங்கலாக்கிவிடும். முகத்தை வெளுக்கவைக்கும் வசதியையும் அதோடு சேர்த்து அணைக்க வேண்டும்.

ஆளுக்கு நான்கு படம். முதல் படத்தில் மட்டும் தன் எண்ணை ஒரு தாளில் எழுதி நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொள்ளட்டும். மீதி மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், கண் மூடிய படம் தானாகக் கழிந்துவிடும். எண்தாள் இருப்பதால் டிசைனருக்கு முகம் தெரியாவிட்டாலும் பெயர் மாறாது.

அந்த எண்ணை எப்படிக் கொடுப்பது? பல பள்ளிகளின் வருகைப் பதிவேட்டில் மாணவர்கள் முதலில், மாணவிகள் பிறகு என்று இருக்கும். அதையே வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் முழுக்கப் பையன்கள், மறுபக்கம் முழுக்கப் பெண்கள் என்றாகிவிடும். பெயர்களை அகர வரிசையில் ஒன்றாகக் கலந்து புதிதாக எண் கொடுப்பதே நல்லது. மார்க் வரிசை எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

ஜன்னலுக்குள் உட்கார வைப்பது

முகத்தை வெட்டி ஓவியத்தில் வைத்ததும் ஒட்டுத் துண்டுபோல் தனித்துத் தெரிந்தால், மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, ஜன்னலின் உட்புறம். பெட்டிக்குள் இருட்டுத்தானே என்று ஓவியர் அடர்நிறம் தீட்டியிருப்பார். கறுத்த தலைமுடி அதில் மறைந்து, முகம் மட்டும் மிதக்கும். உட்புறத்தை வெளிர் கிரீம் நிறமாக்கினால் முடியின் வடிவம் தெளிவாகத் தெரியும். வெட்டிய ஓரத்தில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறமும் அதில் உறுத்தாது.

இரண்டு, வெளிச்சத்தின் திசை. வராந்தாவில் ஒளி மாணவரின் இடக்கன்னத்தில் விழுந்திருந்தால் ஓவியத்திலும் பாறையும் பெட்டியும் அதே பக்கம் ஒளிபெற வேண்டும். ஒரு முகத்தில் மட்டும் ஒளி மாறியிருக்கிறது என்று படத்தை இடம்வலமாகத் திருப்பக் கூடாது. வகிடு பக்கம் மாறும், மூக்குத்தி பக்கம் மாறும், சட்டைப் பை வலப்பக்கம் போய்விடும். பெற்ற தாய்க்கு உடனே தெரிந்துவிடும்.

மூன்று, கைகள். ஜன்னல் விளிம்பில் ஊன்றிய கை, அசைக்கிற கை இவையெல்லாம் வரைந்தவைதான். ரெடிமேடாகக் கிடைக்கிற ஓவியங்களில் கைகள் பெரும்பாலும் வெளுப்பாக இருக்கும். அதை அப்படியே ஒட்டினால் மாநிற முகத்துக்குக் கீழே யாரோ ஒருவரின் வெள்ளைக் கை நீண்டிருக்கும். அசிங்கம் மட்டுமல்ல, அவமானமும்கூட. ஒவ்வொரு முகத்தின் கன்னத்திலிருந்தும் நிறத்தை எடுத்து அந்தந்தக் கைக்குத் தீட்ட வேண்டும். 38 பேருக்கும் செய்ய ஒரு பிற்பகல் ஆகும். ஆகட்டும்.

கைக்கு ஏற்ப முகத்தின் நிறத்தை மாற்றுவது பெரிய தவறு. கறுப்பாக இருக்கிற பிள்ளையின் முகத்தை மட்டும் வெளுக்க வைப்பதை உதவி என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நீ இருக்கிறபடி இருந்தால் போதாது என்று பள்ளி அந்தப் பிள்ளைக்குக் கடைசியாகச் சொன்ன சொல்லாக அது ஆகிவிடும். அச்சில் படங்கள் திரையில் பார்த்ததைவிட இருண்டு வருவது உண்மைதான். திரை தானே ஒளிவிடுகிறது, தாள் அப்படியில்லை. மையும் தாளில் சற்றே பரவும், மேப்லித்தோ தாளில் அதிகமாக, ஆர்ட் பேப்பரில் குறைவாக. இதற்கு ஈடாக எல்லா முகங்களையும் ஒரே அளவில் கொஞ்சம் ஒளிகூட்டலாம். தனி ஒருவருக்கு மட்டும் கூடாது. எவ்வளவு என்பதைத் திரையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மலர் அச்சாகப் போகும் அதே தாளில் ஒரு பக்கத்தை அச்சிட்டு, வராந்தாவில் வைத்துப் பார்த்து முடிவு செய்யலாம்.

இல்லாதவர் ஜன்னல்

படிப்பைப் பாதியில் விட்டவர், வேறு ஊருக்கு மாறிப் போனவர், இன்னும் துயரமாக, இறந்துபோனவர் என்று சில வகுப்புகளில் ஒரு பெயர் இருக்கும். நண்பர்கள் கேட்பார்கள். சேர்ப்பதா வேண்டாமா என்பதைப் பெற்றோரிடம் ஆசிரியர் நேரில் போய்க் கேட்டு முடிவு செய்ய வேண்டும். சரி என்றால் மற்றவர்களுக்கு என்ன ஜன்னலோ அதே ஜன்னல், அதே அளவு, அகர வரிசையில் அவருக்கு உரிய இடம். சிறகு, மேகம், மெழுகுவர்த்தி எதுவும் வேண்டாம். அவர் அந்த வகுப்பின் மாணவர், அந்த ரயிலில் அவருக்கும் டிக்கெட் உண்டு.

தன் படம் வேண்டாம் என்று சொல்கிற பிள்ளையும் இருக்கலாம். வற்புறுத்த வேண்டாம். ஜன்னலில் ஒரு பூந்தொட்டியையோ புத்தகத்தையோ வரைந்து பெயரை மட்டும் போடலாம். பெயரும் வேண்டாம் என்றால் அதையும் மதிக்க வேண்டும்.

புரூப்பில் கையெழுத்து

பெயர்களில் நடக்கும் தவறு டிடிபி கடையில்தான் பெரும்பாலும் பிறக்கிறது. செல்போனில் அடித்த யுனிகோட் தமிழைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறும், சில எழுத்து கட்டமாகிவிடும். ‘கௌசல்யா’ போன்ற பெயர்கள் முதலில் மாட்டும். இனிஷியல் விடுபடும். ஒரே வகுப்பில் இரண்டு கார்த்திக் இருந்தால் இனிஷியல்தான் அவர்களைப் பிரித்துக்காட்டும்.

புரூப்பை ஆசிரியர் ஒருவர் மட்டும் பார்ப்பது போதாது. தினமும் பார்த்த பெயரைக் கண் எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை, தவறைத் தானே திருத்திக்கொண்டு ஓடிவிடும். அதனால் இரண்டு பக்கத்தையும் முழு அளவில் தாளில் அச்சிட்டு வகுப்பில் சுற்றுக்கு விட வேண்டும். ஒவ்வொருவரும் தன் முகம், பெயர், இனிஷியல் மூன்றையும் பார்த்து, தன் ஜன்னலுக்கு அருகில் கையெழுத்துப் போடட்டும். கையெழுத்தில்லாத ஜன்னல் ஒன்று மிஞ்சினாலும் அச்சுக்குப் போகக் கூடாது. அன்று வராதவருக்கு அந்தப் பக்கத்தை அனுப்பிக் கேட்கலாம். பிறகு பட்டியலோடு ஜன்னல்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அச்சகத்துக்குக் கொடுக்கும் கோப்பில் ஓவியம் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டிருக்க வேண்டும். கட்டிங் கத்தி அரை மில்லிமீட்டர் தவறினாலும் வெள்ளைக் கோடு தெரியாமல் அது காப்பாற்றும். முகமும் பெயரும் ஓரத்திலிருந்து 15 மில்லிமீட்டர் உள்ளே இருப்பதால் கத்தி அவற்றைத் தொடாது.

இந்த ஆண்டு மலர் போடப் போகும் வகுப்பாசிரியர்களுக்கும் மாணவர் குழுவுக்கும் ஒரு வேண்டுகோள். பொதுத்தேர்வு மார்ச்சில் தொடங்கிவிடும், பிப்ரவரியில் யாருக்கும் நேரம் இருக்காது. படமெடுக்கும் காலையை டிசம்பரிலேயே வைத்துவிடுங்கள். தலைகளை எண்ணி, முக அளவை முடிவு செய்யுங்கள். அதற்கு அடங்குகிற காட்சியை மட்டும் வரையச் சொல்லுங்கள். ஓவியம் சுமாராக வந்தால் எந்தப் பிள்ளையும் மனம் கலங்காது. தன் முகம் சின்னதாகவோ சிதைந்தோ வேறு பெயரிலோ வந்தால் கலங்கும். அந்த ஒன்று நடக்காமல் பார்த்துக்கொண்டால் பக்கம் நன்றாக வந்துவிட்டது என்று பொருள்.